சம்பளம் வேறு வேறு, ட்ரிப் ஒன்று: யார் எவ்வளவு போடுவது?

கேள்வி: நாங்கள் காலேஜ் நண்பர்கள் நாலு பேர், சென்னையில் வேலை. எனக்கு மாசம் கைக்கு வருவது 24,000, மற்ற மூணு பேருக்கும் லட்சத்துக்குப் பக்கம். கொடைக்கானல் போகலாம் என்கிறார்கள், என்னால் 7,000க்கு மேல் முடியாது. ஓட்டல் பில், கல்யாண கிஃப்ட் எல்லாமே இதுவரை சமமாகத்தான் பிரிக்கிறோம். என்ன செய்யலாம்?

பதில்: சம்பள விகிதப்படி பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். லட்சம் வாங்குகிறவருக்கு அதில் பாதி வீட்டுக் கடனுக்கே போகலாம், மீதியில் ஊருக்கும் அனுப்பலாம், அதையெல்லாம் நண்பர்கள் நடுவில் யாரும் விரித்துவைக்க மாட்டார்கள். சம்பளத்தை விடுங்கள், அவரவர் அதிகபட்சம் எவ்வளவு போட முடியும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். "மச்சான், எனக்கு மொத்தமே ஏழாயிரம்தான்" என்று ரூமுக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், கட்டின பிறகு சொன்னால் அது பேரம் மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் கணக்கு. வண்டி 12,000 என்றால் தலைக்கு 3,000, எல்லோரும் ஒரே வண்டியில்தானே போகிறீர்கள், இதில் சமம் சரி. சிக்கல் ரூமில்தான். அவர்கள் கேட்கிற ரிசார்ட் ஒரு ரூமுக்கு ஒரு இரவு 3,750 ரூபாய் என்றால், இரண்டு ரூம் இரண்டு இரவுக்கு 15,000. உங்கள் கைக்கு ஏற்ற லாட்ஜ் 1,500 என்றால் அதே கணக்கில் 6,000. இந்த 6,000ஐ நாலாகப் பிரியுங்கள், ஆளுக்கு 1,500. மேலே வரும் 9,000 ரிசார்ட் வேண்டும் என்ற மூணு பேருடையது, ஆளுக்கு 3,000. ஆக நீங்கள் 1,500, அவர்கள் 4,500. வண்டியும் ரூமும் சேர்ந்து உங்களுக்கு 4,500, சாப்பாட்டுக்கு 2,500 மிஞ்சும். ஸ்பிளிட்வைஸ் ஆப்பில் சமமாகப் பிரிக்காமல் இப்படி ஆளுக்கொரு தொகையாகவும் போடலாம்.

இது தயவு இல்லை, ஆசைப்பட்டவர் கூடுதலைக் கட்டுகிறார், அவ்வளவுதான். "நீ விடு, நாங்க பாத்துக்கறோம்" என்று முழுசாகக் கட்டிவிட்டால்தான் தொல்லை, அடுத்த தடவை எங்கே போவது என்று பேசும்போது உங்கள் வாய் தானாக அடைத்துக்கொள்ளும்.

ஓட்டலில் குடிக்கிறவர்கள் இருந்தால் மதுவை முதலிலேயே தனியாக எடுத்துவிடுங்கள். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, வரியே வேறு, அதனால் பில்லிலும் பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கும். மீதிச் சாப்பாட்டைச் சமமாகப் பிரிக்கலாம். ஐம்பது நூறு வித்தியாசத்துக்கெல்லாம் ஐட்டம் ஐட்டமாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், ஆனால் ஒருவர் இட்லியும் இன்னொருவர் இறால் பிரியாணியும் என்றால் அவரவர் கணக்குதான்.

கிஃப்டில் பலரும் பொருளை முடிவு செய்துவிட்டு விலையை வகுக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஒருவர் மட்டும் பணம் வாங்கட்டும், அவரவர் முடிந்ததை அவருக்குத் தனியாக ஜிபே பண்ணட்டும், யார் எவ்வளவு என்பது குரூப்பில் வரக்கூடாது. சேர்ந்த தொகைக்குள் பொருள் வாங்குங்கள், அட்டையில் நாலு பேர் பெயரும் ஒரே வரிசையில் இருக்கட்டும்.