மூன்றாவது சான்றிதழுக்கும் தவணையா?

கேள்வி: மூன்று வருடமாக மொபைல் சர்வீஸ் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். அடிப்படைக் கோர்ஸ், அட்வான்ஸ் கோர்ஸ் இரண்டும் முடித்துச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். இரண்டுமே தவணையில் படித்தவை. மாதம் பிடித்தமாகும் தொகை, 15 டிஸ்ப்ளே மாற்றினால் எனக்கு நிற்கும் கூலிக்குச் சமம். சொந்தக் கடை போட மாமா முதல் தருவதாகச் சொல்கிறார், ஆனால் ‘சிப் லெவல் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு வா’ என்கிறார். அந்தக் கோர்ஸுக்கு வட்டியில்லாத தவணை, 24 மாதம், மாதம் 12 கூலி. பார்த்து வைத்திருக்கும் இடத்துக்கு வாடகையும் கரண்டும் சேர்த்து 20 கூலி ஆகும். அந்தக் கோர்ஸ் சொல்லித்தருவது போர்டு வேலை, அதாவது போனின் மதர்போர்டிலேயே பழுது பார்ப்பது. எங்கள் கடைக்கு வரும் நூறு போனில் அப்படிப்பட்டது எட்டு இருந்தால் அதிகம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் கடை திறந்தால் யாராவது நம்பி வருவார்களா? சேரட்டுமா?

பதில்: சேர வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது சான்றிதழ் அல்ல, அதை நீங்கள் வாங்கும் விதம். கடை போடும் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு கோர்ஸ், ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஒரு கடன். முந்தைய கடன் தீருவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு டிஸ்ப்ளே மாற்றவும் சார்ஜிங் போர்ட் மாற்றவும் இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தயக்கம் தொழிலில் இல்லை, கடை திறப்பதில் இருக்கிறது. அந்தத் தயக்கத்தைக் கோர்ஸ் தீர்க்காது, தள்ளிப்போட மட்டும் உதவும்.

பணத்தைக் கூலியாக எழுதியிருப்பது நல்ல வழக்கம். நானும் அதிலேயே கணக்குப் போடுகிறேன். ஒரு டிஸ்ப்ளே மாற்றினால் நிற்பது ஒரு கூலி. நீங்கள் மாற்றும் டிஸ்ப்ளேயின் வாங்கு விலை ஏறக்குறைய நான்கு கூலி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சரக்கு விலை வேறாக இருந்தால் அந்த எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

புதுக்கடைக்கு முதல் சில மாதங்கள் நாளைக்கு மூன்று போன் வந்தால் நல்லது. 26 நாளில் 78 வேலை. அதில் பாதி, அதாவது 39, டிஸ்ப்ளே என்றால் 39 கூலி. பேட்டரி, சார்ஜிங் போர்ட், சாஃப்ட்வேர் போன்ற சின்ன வேலைகள் 33. ஒவ்வொன்றும் டிஸ்ப்ளே கூலியில் மூன்றில் ஒரு பங்குதான் தரும், எனவே 11 கூலி. மீதி ஆறு போர்டு வேலை. அதை நீங்கள் செய்யாமல், போர்டு வேலை மட்டுமே செய்யும் ஒருவரிடம் அனுப்பினால் குறைந்தது நான்கு உயிர் பெற்றுத் திரும்பும். போனுக்கு ஒரு கூலி உங்களுக்கு என்று பேசிக்கொண்டால் 4 கூலி. மொத்தம் 54.

இனி கழியுங்கள். பழகாத கடையில் மாதத்துக்கு மூன்று டிஸ்ப்ளே கையில் உடைவதோ, வாரண்டியில் திரும்பி வந்து சொந்தச் செலவில் மாற்ற வேண்டியதோ சகஜம். அது 12 கூலி. வாடகையும் கரண்டும் 20. பழைய தவணைகள் 15. எல்லாம் போக வீட்டுக்குக் கொண்டுபோக மிஞ்சுவது 7 கூலி. இதற்குமேல் புதுத் தவணை 12 வந்தால் ஐந்து கூலி கையைக் கடிக்கும்.

“போர்டு வேலையை நானே செய்தால் கூட வருமே” என்பீர்கள். வரும். ஆனால் புதிதாகக் கற்றவர் கையில் ஆறு போர்டில் மூன்று சரியானால் நல்ல தேர்ச்சி. ஒரு போர்டுக்கு மூன்று கூலி வைத்தாலும் 9 கூலி. வெளியே அனுப்பியே 4 கிடைக்கிறது, ஆக உண்மையான கூடுதல் 5. ஐந்து சம்பாதிக்கப் பன்னிரண்டு கட்டுவீர்கள். மைக்ரோஸ்கோப், ஹாட் ஏர், டிசி பவர் சப்ளை வாங்கும் செலவை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. மாதம் 15 போர்டு தொடர்ந்து வந்தால்தான் அந்தத் தவணை தன்னைத் தானே கட்டிக்கொள்ளும். உங்கள் கடிதத்தின்படியே பார்த்தால் அது வெகுதூரத்தில் இருக்கிறது.

மேலே உள்ள இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கெட்டுப்போகும் மூன்று டிஸ்ப்ளேக்கு 12 கூலி, புதுத் தவணைக்கும் 12 கூலி. மூன்றை ஒன்றாகக் குறைத்தால் மாதம் எட்டு கூலி மிஞ்சும். அதற்குக் கோர்ஸ் தேவையில்லை, காரணங்கள் உங்களுக்கே தெரியும். கனெக்டரைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியைப் பிரிக்காமல் விட்டால், பேக்லைட் லைனில் ஷார்ட் ஆகி, டிஸ்ப்ளே மாற்ற வந்த போன் போர்டு வேலையாக மாறிவிடும். வளைந்த ஃப்ரேமை நேராக்காமல் புது டிஸ்ப்ளேயை அழுத்தினால் அன்றே இல்லாவிட்டாலும் ஒரு வாரத்தில் ஓரம் விரியும். பசை போடுவதற்கு முன் கனெக்டரை மட்டும் மாட்டி, ஓர் ஐகானைத் திரை முழுக்க இழுத்துப் பார்த்து, எந்த இடத்திலாவது டச் விடுகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். கூட்டமான நேரத்தில் விட்டுப்போவது அந்த இரண்டு நிமிடம்தான். பசை காய்ந்த பிறகு கண்டுபிடித்தால், கழற்றும்போது டிஸ்ப்ளே உடையும், சப்ளையரும் திருப்பி எடுக்க மாட்டார்.

இன்னொரு இழப்பு கவுண்டரிலேயே நடக்கிறது. சார்ஜ் ஏறவில்லை என்று ஒரு போன் வருகிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் சார்ஜிங் போர்ட்டும் மைக்கும் ஒரே சப் போர்டில் இருக்கும். நீங்கள் அந்தச் சப் போர்டை மாற்றிக் கொடுத்த மறுநாள், “எதிரில் பேசுபவருக்கு நான் பேசுவது கேட்கவில்லை, நீங்கள்தான் கெடுத்தீர்கள்” என்று அவர் வந்து நிற்பார். மைக் முன்பே கெட்டிருந்ததா, புது சப் போர்டு மட்டமா என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. போனைக் கையில் வாங்கியதும் அவர் எதிரிலேயே மைக், ஸ்பீக்கர், கேமரா, வைஃபை, டச் பார்த்து ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆன் ஆகாத போன் என்றால் ‘எதையும் சோதிக்க முடியவில்லை’ என்று எழுதி வாங்குங்கள். கடையின் மேல் நம்பிக்கை வருவது இந்த அட்டையாலும், மாற்றிய பார்ட்ஸுக்கு எத்தனை நாள் வாரண்டி என்று பில்லில் எழுதிக் கொடுப்பதாலும்தான். சுவரில் மாட்டிய சான்றிதழைப் படித்துவிட்டுப் போனைக் கொடுப்பவர்கள் குறைவு.

சான்றிதழால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேறொருவரிடம் வேலைக்குப் போக உதவும். வங்கிக் கடன் விண்ணப்பத்தோடு வைக்கலாம். உங்கள் பகுதியில் சர்வீஸ் கடைக்கு உரிமம் தேவையா, அதற்குத் தகுதிச் சான்று கேட்கிறார்களா என்பதை மட்டும் உள்ளாட்சி அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். கேட்டால், உங்களிடம் இருக்கும் இரண்டில் ஒன்று போதுமா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

கடைக்கு உண்மையிலேயே கதவு திறக்கும் சான்றிதழ் ஒன்று இருக்கிறது, அது கம்பெனி தருவது. ஆப்பிள் 2019இல் அமெரிக்காவில் தொடங்கிய சுயேச்சைச் சர்வீஸ் கடைகளுக்கான திட்டத்தில், ஆப்பிளின் சான்று பெற்ற டெக்னீஷியன் கடையில் இருந்தால் ஒரிஜினல் பார்ட்ஸ் கிடைக்கும். திட்டத்தில் சேரக் கட்டணம் இல்லை, சான்று பெறும் முறையும் இலவசம் என்று அறிவித்துத்தான் தொடங்கினார்கள். 2021இல் அதை 200க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விரிவாக்கினார்கள். ஆனால் அதற்கு ஏற்கெனவே இயங்கும் கடை வேண்டும். அங்கே உங்கள் பயிற்சி நிலையத்தின் அச்சடித்த தாள் செல்லாது. அதே போல, போர்டு ரீவொர்க் வேலைக்கு உலகம் முழுக்க மதிக்கப்படும் ஐ.பி.சி 7711/7721 சான்றும் இரண்டு வருடத்தில் காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும். அதைக் கேட்பவர்கள் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள்தான், கவுண்டரில் போன் கொடுப்பவர்கள் அல்ல. எனவே ‘சிப் லெவல் சான்றிதழ், உலகெங்கும் செல்லும், ஆயுளுக்கும் செல்லும்’ என்று யாராவது விற்றால், அதைத் தந்தது எந்த அமைப்பு, எந்தக் கம்பெனி அதைப் பார்த்துப் பார்ட்ஸ் தருகிறது என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

‘வட்டியில்லாத தவணை’ என்ற பேச்சிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. முழுப்பணத்தையும் ஒரே தடவையில் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நூற்றுக்குப் பத்து குறைப்பதாகச் சொன்னால் அந்தப் பத்துதான் வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே போவதால், 24 மாதத்துக்கு அது ஏறக்குறைய வருடத்துக்குப் பத்து சதவீத வட்டிக்குச் சமம். செயலாக்கக் கட்டணம் என்று முதலிலேயே பிடித்தால் இன்னும் கூடும். மொத்தத்தில் 12 பெருக்கல் 24, 288 கூலி. மாதம் 39 டிஸ்ப்ளே என்றால் ஏழு மாதத்துக்கு மேல் அந்தக் கோர்ஸுக்காக மட்டும் டிஸ்ப்ளே மாற்ற வேண்டும்.

உங்கள் மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். பணம் போடுகிறவர் ஏதாவது உத்தரவாதம் கேட்கத்தான் செய்வார். அவருக்கு இந்தத் தொழில் தெரியாது, கண்ணுக்குத் தெரிவது சான்றிதழ், அதனால் அதைக் கேட்கிறார். வேறொன்றை அவர் கையில் கொடுங்கள். இன்று முதல் மூன்று மாதம், இப்போதைய கடையில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன பழுது, பார்ட்ஸ் விலை, கூலி, திரும்பி வந்ததா, வந்தால் ஏன். முதலாளியின் வாடிக்கையாளர் பெயரோ எண்ணோ அதில் வேண்டாம், அது அவருடைய சொத்து. மூன்று மாதம் கழித்து அந்த நோட்டோடு போய் உட்காருங்கள். அவர் தரும் பணம் கடனா, கடையில் பங்கா என்பதை அன்றே எழுதிக்கொள்ளுங்கள். பங்கு என்றால் நஷ்டத்திலும் பங்கு என்பது அதில் இருக்கட்டும். சான்றிதழ் இல்லாமல் தரவே மாட்டேன் என்று நின்றால், அந்தக் கோர்ஸ் பணத்தையும் அவரையே போடச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் மூன்றாவது தவணை வேண்டாம்.

கடை திறக்கும் நேரத்தைப் பழைய தவணைகள்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டில் சின்னதை இந்தச் சம்பளத்தில் இருக்கும்போதே அடைத்துவிடுங்கள். முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று முடிந்த பிறகு கடை திறந்தால், வீட்டுக்கு மிஞ்சும் ஏழு கூலி அதற்குத் தக்கபடி உயரும். கெட்டுப்போகும் டிஸ்ப்ளேக்களையும் குறைத்துவிட்டால் முதல் ஆறு மாதத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

இடையில் போர்டு வேலை கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் செத்த போர்டுகளைச் சேர்த்து வையுங்கள். பவர் பட்டனைத் தொடாமலேயே பவர் சப்ளையில் கரண்ட் இழுக்கிறதா என்று பார்ப்பது, மெயின் லைனில் ஷார்ட் தேடுவது, ஷார்ட்டான கெபாசிட்டரை எடுத்துவிட்டு மறுபடி அளப்பது, இவற்றைப் பவர் சப்ளையும் ஹாட் ஏரும் மல்ட்டிமீட்டரும் பொறுமையும் இருந்தால் வாரம் ஒரு நாள் பழகலாம். நோட்டில் மாதம் 15 போர்டு மூன்று மாதம் தொடர்ந்து பதிவானால், அப்போது கோர்ஸைப் பற்றி மறுபடி எழுதுங்கள். அந்தப் பணத்தைக் கடையிலிருந்தே எடுத்துக் கட்ட முடிகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.