அடுக்கு 8ஆ 9ஆ? படத்தில் வந்த ஈருறுப்புக் கணக்கு

கேள்வி: சார், நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்திலிருந்து ஆறாம் படிவம் போகிறேன். டியூஷனுக்குப் போகாத அன்று தோழி கணக்கைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். (x² − 2/x) வரை தெரிகிறது, மேலே அடுக்கு 8ஆ 9ஆ என்று மங்கல். (அ) மாறிலி உறுப்பும் x³ உள்ள உறுப்பும் காண வேண்டும். (ஆ) அதையே (1 + x³) ஆல் பெருக்கினால் மாறிலி உறுப்பு என்ன? 9 என்று வைத்து முழுதாக விரித்தேன், இரண்டு பக்கம் ஓடி எங்கேயோ தப்பாகிவிட்டது.

பதில்: முழுதாக விரிக்கவே வேண்டாம், தங்கச்சி. கேட்பது இரண்டே உறுப்புகள். பொது உறுப்பை எழுதி, அதில் x-இன் அடுக்கை மட்டும் முதலில் பார்.

அடுக்கு n என்று வைத்துக்கொண்டால் பொது உறுப்பு இது:

```
nCr · (x²)^(n−r) · (−2/x)^r
```

x² தருவது 2n − 2r. கீழே இருக்கும் x இன்னொரு r-ஐக் குறைக்கிறது. ஆக x-இன் அடுக்கு 2n − 3r. மாறிலி உறுப்பு என்றால் இது 0 ஆக வேண்டும், r முழு எண்ணாக வர வேண்டும்.

இப்போது படத்தில் மங்கிய எண்ணைப் பார்ப்போம். n = 8 என்றால் 16 − 3r = 0; 16 மூன்றால் வகுபடாது, மாறிலி உறுப்பே கிடையாது. x³ கேட்டாலும் 3r = 13, அதுவும் ஆகாது. n = 9 என்றால் 18 − 3r; இரண்டும் அழகாக வருகின்றன. எனவே 9 தான். ஆனால் 6 என்று இருந்தாலும் இந்தச் சோதனை தேறிவிடும் (12 − 3r), அதனால் எண்ணின் வளையம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிடு. இன்னொன்று, 2/x-இல் மேலே இருக்கும் 2 உண்மையில் 3 ஆக இருந்தால் இந்த வழியில் கண்டுபிடிக்க முடியாது. அது x-இன் அடுக்கைத் தொடுவதே இல்லை. அங்கே சந்தேகம் வந்தால் தோழியிடம் கேட்பதுதான் வழி.

சரி, n = 9. மாறிலி உறுப்புக்கு 18 − 3r = 0, r = 6.

```
9C6 · (−2)^6 = 84 × 64 = 5376
```

x³ உறுப்புக்கு 18 − 3r = 3, r = 5.

```
9C5 · (−2)^5 · x³ = 126 × (−32) x³ = −4032x³
```

குறியை விடாதே. கால்குலேட்டரில் அடைப்புக்குறி இல்லாமல் −2^6 என்று அடித்தால் −64 என்று காட்டும். (−2)^6 என்று அடித்தால்தான் 64. இந்தக் கணக்கில் என் மாணவர்கள் மதிப்பெண் விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். r சுழியிலிருந்து தொடங்குகிறது என்பதையும் மறந்துவிடாதே: r = 6 என்பது ஏழாவது உறுப்பு. குணகம் கேட்டால் −4032 மட்டும் எழுது, உறுப்பு கேட்டால் x³-உடன் எழுது.

(ஆ) பகுதியில் பலர் 5376-ஐயே எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். அடைப்புக்குள் 1-உம் இருக்கிறது, x³-உம் இருக்கிறது. 1 உடன் சேர வேண்டியது மாறிலி உறுப்பு, அது கையில் இருக்கிறது. x³ உடன் சேர்ந்து x மறைய வேண்டுமானால் விரிவில் x⁻³ இருக்கிற உறுப்பு வேண்டும். 18 − 3r = −3, r = 7.

```
9C7 · (−2)^7 = 36 × (−128) = −4608
5376 + (−4608) = 768
```

விடை 768. x³ உறுப்பின் −4032 இதில் எங்கேயும் வராது. அதைக் கொண்டுவந்து கூட்டினால் 1344 கிடைக்கும். உன் விடை அப்படி வந்திருந்தால் எங்கே இடறினாய் என்று தெரிந்துவிடும்.

நீ எழுதிய அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போடாதே. விரிவில் x = 1 என்று போட்டால் (1 − 2)^9 = −1. அதாவது பத்துக் குணகங்களையும் கூட்டினால் −1 வர வேண்டும். வரவில்லையென்றால் ஏதோ ஒன்று தப்பு. சரியான வரிசை 1, −18, 144, −672, 2016, −4032, 5376, −4608, 2304, −512. உன்னுடையதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார். குறி மட்டும் மாறியிருந்தால் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கும், எண்ணே வேறாக இருந்தால் nCr-ஐச் சரிபார்.