நைட் ஷிப்டில் சீனியரை எப்போது எழுப்புவது?

கேள்வி: ராமநாதபுரம் கடலோரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் பிளான்ட் ஒன்றில் ஆபரேட்டராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். இரவில் ஏதாவது சிக்கல் வந்தால் எவ்வளவு நேரம் நானே பார்ப்பது, எப்போது சீனியருக்கு போன் செய்வது? சீக்கிரம் கூப்பிட்டால் "இதுகூடத் தெரியாதா" என்கிறார்கள். தாமதித்தால் "ஏன் சொல்லவில்லை" என்கிறார்கள்.

பதில்:

"அரை மணி நேரம் பார், பிறகு கூப்பிடு" என்று சிலர் சொல்லுவார்கள். எல்லாக் கோளாறுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. காத்திருக்கும் நேரத்தில் எது கெடுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

தென்கடல் பக்கம் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் கலங்கிக் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் சீக்கிரம் அடைபடும். மாற்றினால் சரியாகிவிடும், அதற்காக யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. மாற்றிய சில மணி நேரத்திலேயே மறுபடி அடைத்தால் கோளாறு அதற்கு முன்னால், சாண்ட் ஃபில்டரிலோ கடல்நீர் எடுக்கும் இடத்திலோ இருக்கிறது. இரண்டாவது முறை மாற்றுவதற்கு முன் போன் செய்யுங்கள். இது எளிதான வகை, ஏனென்றால் அடைப்பைப் பிரஷர் கேஜ் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆபத்தானது உடனே காட்டிக்கொடுக்காத வகை. அதில் முதலிடம் குளோரினுக்கு. குழாயில் பாசியும் சிப்பியும் பிடிக்காமல் இருக்கக் கடல்நீரில் ஹைப்போ என்ற குளோரின் கரைசலை விடுகிறோம். உப்பைப் பிரிக்கும் மெம்பிரேனுக்குப் போவதற்கு முன் எஸ்எம்பிஎஸ் கரைசல் விட்டு அந்தக் குளோரினை முறிக்கிறோம். முறியாமல் தப்பியது மெம்பிரேனின் மேற்படலத்தை அரிக்கும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் போய்விடாது. ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் முந்தையதோடு சேர்ந்துகொண்டே போகும், எந்தக் கெமிக்கல் கிளீனிங்காலும் அதைத் திருப்ப முடியாது. தொடக்கத்தில் உற்பத்தி நீரின் டிடிஎஸ் நன்றாகவே இருக்கும். சில சமயம் நீர் வரத்து சற்றுக் குறையும், அவ்வளவுதான். உப்பு கசியத் தொடங்கும்போது மெம்பிரேன் பாதி வழி போயிருக்கும். ஆகவே "டிடிஎஸ் சரியாகத்தானே இருக்கிறது, காலை வரை பார்ப்போம்" என்ற சமாதானம் இந்த இடத்தில் செல்லாது.

ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். நீரில் குளோரின் மிஞ்சினால் ஏறிக்காட்டும் ஓஆர்பி மீட்டர் வழக்கமாக 200 மில்லிவோல்ட்டை ஒட்டி நிற்கும் பிளான்ட். ஒரு மணிக்கு 260, அரை மணி கழித்து 310. அலாரம் அடிக்கிறது. (இந்த எண்கள் பிளான்ட்டுக்குப் பிளான்ட் மாறும். உங்கள் லாக் புக்கில் ஒரு மாத ரீடிங்கைப் புரட்டி, உங்கள் பிளான்ட்டின் வழக்கமான எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.) முதல் சந்தேகம் மீட்டர் மீதுதான் விழும், புரோபில் அழுக்குப் படிவது சகஜம். ஆனால் மீட்டரைத் துடைப்பதற்கு முன், கார்ட்ரிட்ஜ் ஃபில்டருக்குப் பின் உள்ள சாம்பிள் குழாயில் நீர் பிடித்து, குளோரின் இருந்தால் நிறம் காட்டும் டிபிடி மாத்திரை போட்டுப் பாருங்கள். நிறம் மாறாவிட்டால் மீட்டரைத் துடைக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. லேசாக இளஞ்சிவப்பு தட்டினாலும் ஹை பிரஷர் பம்பை நிறுத்துங்கள், ஹைப்போ டோசிங்கையும் நிறுத்துங்கள். நிறுத்த யாருடைய அனுமதியும் வேண்டாம். பிறகு மெம்பிரேனில் தேங்கிய கடல்நீரை உற்பத்தி நீரால் கழுவிவிடுங்கள். அந்தக் கழுவும் நீர் குடிநீர் சப்ளைக்காகக் குளோரின் கலந்த தொட்டியிலிருந்து வரக்கூடாது. இதைக் கவனிக்காத பிளான்ட்டுகள் உண்டு.

நிறுத்திவிட்டால் மெம்பிரேனுக்கு ஓடிய கடிகாரம் நின்றுவிடும். இப்போது தேட உங்களுக்கு அவகாசம் கிடைத்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ் தொட்டியில் கரைசல் இருக்கிறதா, டோசிங் பம்ப் ஸ்ட்ரோக் அடிக்கிறதா, ட்யூபில் கரைசல் நகர்கிறதா, காற்று அடைத்திருக்கிறதா என்று பார்க்க 20 நிமிடம் போதும். காற்று அடைத்திருந்து, வெளியேற்றியதும் மாத்திரைச் சோதனையில் நிறம் வராமல் மீட்டரும் பழைய இடத்துக்கு இறங்கினால் மறுபடி ஓட்டுங்கள். லாக் புக்கில் எழுதுங்கள், காலையில் சொல்லுங்கள். எழுப்ப வேண்டிய அவசியம் இல்லை.

பம்ப் சரி, தொட்டி சரி, ட்யூப் சரி. ஆனாலும் சாம்பிள் சிவக்கிறது என்றால்? உங்கள் கைக்கு எட்டிய எல்லாம் சரியாக இருந்தும் ரீடிங் தவறாக இருந்தால், காரணம் உங்கள் ஷிப்டுக்கு வெளியே இருக்கிறது. இங்கேதான் போன் செய்ய வேண்டும். எஸ்எம்பிஎஸ் கரைசலைக் கலந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 10 சதவீதக் கரைசல் ஏறக்குறைய ஒரு வாரம்தான் தாங்கும், காற்றுப்பட்டு வீரியம் இழந்துவிடும். அல்லது அன்று பகலில் புது ஹைப்போ டிரம் இறங்கியிருக்கும். நம் ஊர் வெயிலில் பழைய ஹைப்போ வலுக் குறைந்துபோகும் என்பதால் பகல் ஷிப்டில் ஹைப்போ பம்பின் ஸ்ட்ரோக்கை ஏற்றி வைத்திருப்பார்கள். புது டிரம் மாட்டியபோது அதை இறக்க மறந்தால், நீரில் குளோரின் கூடிவிடும். டிரம்முக்குக் கையெழுத்துப் போட்ட சீனியருக்கு இது ஒரே நிமிடத்தில் உறைக்கும். நீங்கள் விடிய விடியத் துருவினாலும் கிடைக்காது, அறிவு போதாததால் அல்ல, தகவல் உங்களிடம் இல்லாததால்.

இன்னொரு அடையாளமும் உண்டு. அடுத்து நீங்கள் செய்யப்போகும் காரியம் ஒரு பாதுகாப்பை நீக்குகிறதா என்று பாருங்கள். ஓஆர்பி கூடினால் பம்ப் தானாக ட்ரிப் ஆகும்படி வைத்திருப்பார்கள். அதைச் சுற்றிப்போக ஒரு பைபாஸ் ஸ்விட்சும் இருக்கும். கை அந்த ஸ்விட்சுக்குப் போகிறது என்றால் போன் செய்யும் நேரம் ஏற்கெனவே வந்துவிட்டது. எஸ்எம்பிஎஸ் ஸ்ட்ரோக்கைக் கடைசி வரை ஏற்றி ஓஆர்பியை அடக்குவதும் ஏறக்குறைய அதே ரகம்தான். மீட்டர் இறங்கும், காரணம் மறையும்.

"இதுகூடத் தெரியாதா" என்பதற்கு வருகிறேன். பெரும்பாலும் அது போன் செய்ததற்காக வருவதில்லை, போனில் ஒன்றும் சொல்லாததற்காக வருகிறது. "சார், ஓஆர்பி ஏறிவிட்டது, என்ன செய்வது?" என்றால் தூக்கத்தில் இருக்கும் மனிதர் பத்துக் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், ஒன்றரை மணிக்கு ஓஆர்பி 310. கார்ட்ரிட்ஜுக்குப் பின் சாம்பிள் சிவக்கிறது. பம்பையும் ஹைப்போவையும் நிறுத்தி ஃபிளஷ் செய்துவிட்டேன். டோசிங் பம்ப், தொட்டி, ட்யூப் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கின்றன. கரைசல் எப்போது கலந்தது, ஹைப்போ டிரம் மாற்றியதா என்பது மட்டும் தெரிய வேண்டும்." இதற்கு எரிந்து விழும் சீனியரும் இருப்பார்தான். அவருடைய குணத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை.

நிறுத்தினால் ஊருக்குத் தண்ணீர் குறையும், காலையில் ஊராட்சியிலிருந்து போன் வரும் என்ற பயம் நியாயமானது. அதனால் ஒரு கணக்கும் போட்டுச் சொல்லுங்கள்: மேல்நிலைத் தொட்டியில் இருப்பது எத்தனை மணி வரை தாங்கும்? சீனியர் ராமநாதபுரத்தில் இருந்து, பிளான்ட் சாயல்குடி பக்கம் இருந்தால், அவர் கிளம்பி வருவதற்கும் வேலை பார்ப்பதற்கும் உள்ள நேரத்தை அதிலிருந்து கழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் நீங்கள் தனியாகத் துருவ உள்ள நேரம். பல இரவுகளில் அது ஒன்றுமே இராது.

சீனியர் போனை எடுக்காவிட்டால் அடுத்த எண்ணுக்குப் பேசுங்கள், பிளான்ட் நின்றபடியே இருக்கட்டும். எடுத்து, பார்க்காமலே "ஓட்டு" என்றால், சாம்பிள் சிவந்திருப்பதை இன்னொரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஓட்டச் சொன்னால், சொன்னவர் பெயரையும் நேரத்தையும் லாக் புக்கில் எழுதிவிட்டு, ஒவ்வொரு அரை மணிக்கும் மாத்திரை போட்டுக் குறித்து வாருங்கள்.