காலி செய்யும் கடிதமும் முன்பணமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வாடகை வீட்டைக் காலி செய்வதாகத் தெரிவித்து, முன்பணத்தையும் திருப்பிக் கேட்டு உரிமையாளருக்கு எழுதும் கடிதத்தைப் பற்றி இம்முறை நிறைய கேள்விகள் வந்துள்ளன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்ற விவரமே இல்லை. கேள்வியை அனுப்புவதற்கு முன் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி வருகிறேன், இப்போதும் சொல்கிறேன்.

கேள்வி: "அடுத்த மாதம் காலி செய்கிறோம், அட்வான்ஸைத் தயார் செய்து வையுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் உரிமையாளருக்கு அனுப்பிவிட்டேன். இது போதும்தானே?

பதில்: போதாது. அடுத்த மாதத்தில் எந்த நாள்? தேதி இல்லாத கடிதத்தை முன்னறிவிப்பாக ஏற்க முடியாது என்று உரிமையாளர் சொன்னால், அவரைக் குறை சொல்ல முடியாது. வாட்ஸ்அப் செல்லுமா என்பது, அறிவிப்பை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் ஒப்பந்தம் சொல்வதைப் பொறுத்தது. "எழுத்து மூலம்" என்று மட்டும் இருந்தால் வாட்ஸ்அப்பை ஏற்பார்கள் என்று நம்பியிருக்காமல், அதே செய்தியைக் கையெழுத்திட்ட கடிதமாகவும் கொடுத்து, நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியுடன் எழுதி வாங்குங்கள். நேரில் கொடுக்க வழியில்லை என்றால் விரைவுத் தபாலில் பதிவு செய்து அனுப்பி, ரசீதை வைத்திருங்கள்.

கேள்வி: ஒப்பந்தப்படி இரண்டு மாத நோட்டீஸ். ஜூன் முதல் தேதியிட்டுக் கடிதம் எழுதினேன். ஊரில் இல்லாததால் ஜூன் 10 அன்றுதான் உரிமையாளரிடம் கொடுக்க முடிந்தது. ஆகஸ்ட் 1 அன்று சாவியைக் கொடுத்தேன். ஆகஸ்ட் மாத வாடகை முழுவதையும் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார். இது அநியாயம் இல்லையா?

பதில்: நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலைப் படித்தேன். நகலை இணைத்து அனுப்பிய மிகச் சிலரில் நீங்கள் ஒருவர். அதில் இரண்டு வரிகள் முக்கியமானவை. முன்னறிவிப்புக் காலம் உரிமையாளர் கடிதத்தைப் பெற்ற நாளிலிருந்து தொடங்கும் என்பது ஒன்று. அது ஒரு வாடகை மாதத்தின் முடிவில்தான் முடிய வேண்டும் என்பது மற்றொன்று. கடிதத்தின் தலைப்பில் நீங்கள் இட்ட தேதிக்கு இங்கே மதிப்பில்லை. பெற்ற நாளான ஜூன் 10 முதல் இரண்டு மாதம் எண்ணினால் ஆகஸ்ட் 10 வருகிறது. அது மாத நடுவில் இருப்பதால், இரண்டாவது வரியின்படி ஆகஸ்ட் 31 வரை நகர்கிறது. ஆகவே ஆகஸ்ட் வாடகையை அவர் பிடித்தது ஒப்பந்தப்படி சரியே. இரண்டாவது வரி இல்லாதிருந்தால் பத்து நாள் வாடகையோடு முடிந்திருக்கும். அதே கடிதம் மே 31 அன்று அவர் கையில் சேர்ந்திருந்தால், ஜூலை முடிவோடு உங்கள் பொறுப்பும் முடிந்திருக்கும்.

ஒன்று மட்டும் கேட்டுப் பார்க்கலாம். ஆகஸ்ட் மாதத்தில் வேறு குடித்தனக்காரர் வந்து வாடகை கொடுக்கத் தொடங்கியிருந்தால், அந்த நாள்களுக்கு உங்களிடமும் வாடகை பிடிப்பது ஒரே நாளுக்கு இரண்டு வாடகை வாங்குவதாகும். அந்தத் தொகையைத் திருப்பித் தரும்படி எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: "முன்பணத்தை முழுமையாகத் திருப்பித் தருவதாக உறுதியளித்தால், இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் பதிலே சொல்லவில்லை. இரண்டு மாதம் முடிந்து சாவியை நீட்டியபோது, "நீங்கள் நோட்டீஸே கொடுக்கவில்லையே" என்கிறார்.

பதில்: இந்தத் தவறைப் பற்றி இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன், ஆனாலும் இதே வாக்கியத்தோடு கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே இம்முறை விரிவாகவே சொல்கிறேன்.

காலி செய்யும் அறிவிப்பு என்பது உங்கள் முடிவைத் தெரிவிப்பது. அதற்கு உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை. அவர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், கடிதம் கிடைத்ததிலிருந்து காலம் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் "தந்தால் செய்கிறேன்" என்று எழுதிய உடனே அது அறிவிப்பாக இல்லாமல் பேரமாக மாறிவிடுகிறது. பேரத்துக்கு எதிர்த் தரப்பின் பதில் தேவை. அவர் பதில் சொல்லாமல் இருந்துவிட்டால், நீங்கள் காலி செய்வீர்களா மாட்டீர்களா என்பதே தீர்மானமாகவில்லை என்று அவரால் வாதிட முடியும், அந்த வாதம் எடுபடவும் கூடும். இரண்டு மாதம் வீணாகி, மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டிய நிலை வருகிறது. முன்பணத்தைக் காப்பாற்ற எழுதிய நிபந்தனை, அந்த முன்பணத்திலிருந்தே இரண்டு மாத வாடகையைக் கழிக்க அவருக்கு வழி செய்து கொடுக்கிறது. "முடிந்தால்", "பெரும்பாலும்", "வேறு வீடு அமைந்தவுடன்" ஆகிய சொற்களும் இதே கெடுதலைச் செய்கின்றன.

எனவே கடிதத்தில் அறிவிப்பு ஒரு பத்தியாகவும், முன்பணக் கோரிக்கை வேறொரு பத்தியாகவும் இருக்கட்டும். இரண்டையும் "ஆல்" விகுதியால் பிணைக்காதீர்கள். உங்கள் நிலையில் இருப்பவர் எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்களுக்கும் எனக்கும் இடையேயான வாடகை ஒப்பந்தத்தின்படி, தங்கள் வீட்டின் முதல் மாடிப் பகுதியை ஆகஸ்ட் 31 அன்று காலி செய்து, அன்று மாலை சாவிகளை ஒப்படைப்பேன் என்பதை இக்கடிதத்தின் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். அதுவரையிலான வாடகையை வழக்கம்போல் செலுத்துவேன்.

ஒப்பந்தம் தொடங்கியபோது நான் செலுத்திய மூன்று மாத வாடகைக்கு நிகரான முன்பணம் தங்களிடம் உள்ளது. ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட காலத்துக்குள் அதைக் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏதேனும் தொகையைப் பிடித்தம் செய்ய வேண்டியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் ரசீதையும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். ஆகஸ்ட் 24 அன்றோ தங்களுக்கு வசதியான வேறு நாளிலோ இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்வையிடலாம்."

பார்வையிடும் நாளை ஒரு வாரம் முன்னதாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அப்போது அவர் சுட்டிக்காட்டும் உடைந்த தாழ்ப்பாளையோ ஒழுகும் குழாயையோ நீங்களே ஆள் வைத்துச் சரிசெய்துவிடலாம். சாவி கைமாறிய பிறகு அதே வேலையை அவர் செய்து, அவர் சொல்லும் செலவைப் பிடித்துக்கொள்வார். கடிதத்தில் மேலும் நான்கு பக்கத்துக்கு, தண்ணீர் வராத நாள்களையும் மாடி வீட்டுச் சத்தத்தையும் எழுதாதீர்கள். அந்தக் குறைகள் அறிவிப்புக்கு வலு சேர்ப்பதில்லை. பணத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியவரைக் கோபப்படுத்துவது மட்டுமே மிஞ்சும்.

சாவியையும் முன்பணத்தையும் ஒரே நேரத்தில் கைமாற்ற வேண்டும் என்று உங்கள் ஒப்பந்தத்திலேயே இருந்தால், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கேட்பது உங்கள் உரிமை. அப்போதும் காலி செய்யும் தேதியைத் திட்டவட்டமாக எழுதிவிட்டுத்தான் அதைக் கேட்க வேண்டும். அப்படியொரு பிரிவு இல்லாமல் சாவியை நீங்களாகவே பிடித்து வைத்திருந்தால், வீடு உங்கள் வசம் இருப்பதாகக் கொண்டு வாடகை ஏறிக்கொண்டே போகும்.

கேள்வி: கடைசி இரண்டு மாத வாடகையைக் கொடுக்காமல், முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கடிதத்திலேயே எழுதலாமா?

பதில்: அவர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் மட்டுமே. இல்லையென்றால் நீங்கள் வாடகை பாக்கி வைத்தவர் ஆகிவிடுவீர்கள். பாக்கி உள்ளவர் முன்பணம் கேட்டு எழுதும் கடிதத்துக்கு மரியாதை இராது.

கேள்வி: மூன்று ஆண்டு குடியிருந்தோம். வீடு முழுவதற்கும் வெள்ளையடிக்க ஆகும் செலவை முன்பணத்தில் கழிப்பதாகச் சொல்கிறார். குழந்தை ஒரு சுவரில் கிறுக்கியது உண்மை.

பதில்: வெள்ளையடிக்கும் செலவு வாடகைதாரருடையது என்று ஒப்பந்தத்தில் இருந்தால் பேச இடமில்லை. அப்படி இல்லை என்றால், குடியிருந்ததால் இயல்பாக ஏற்படும் மங்கலும் தேய்மானமும் உரிமையாளரின் கணக்கு. நீங்கள் ஏற்படுத்திய சேதம் உங்கள் கணக்கு. கிறுக்கிய சுவருக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு. அதிலும் முழுச் செலவைக் கேட்பது நியாயமில்லை. பூச்சு சுமார் ஐந்து ஆண்டு தாங்கும் என்று வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டு ஏற்கெனவே கழிந்துவிட்டது. அந்த ஒரு சுவருக்கான செலவில் ஐந்தில் இரண்டு பங்கைத் தர முன்வாருங்கள். நீங்கள் குடிவந்தபோதே புதுப்பூச்சு இல்லை என்பதைக் காட்டும் படங்கள் இருந்தால் அதற்கும் கீழே பேசலாம். படங்கள் இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. குடிபுகும் நாளில் ஒவ்வொரு சுவரையும் தேதி தெரியும்படி படமெடுத்து உரிமையாளருக்கும் அனுப்பி வையுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த நாளுக்காகத்தான். காலி செய்யும் நாளிலும் அதே கோணங்களில் எடுங்கள். மின்மீட்டர் அளவையும் படத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: புதிய ஆள் வந்து அவர் தரும் முன்பணத்திலிருந்துதான் எனக்குத் தர முடியும் என்கிறார் உரிமையாளர்.

பதில்: ஒப்பந்தத்தில் அப்படி இல்லையென்றால், அது அவருடைய சங்கடமே தவிர உங்கள் கடமை அல்ல. ஆனால் கோபித்துப் பயனில்லை. அவர் வாய்மொழியாகச் சொன்னதை அன்றே எழுத்தில் பதியுங்கள்: "இன்று தொலைபேசியில் தாங்கள் கூறியதை ஏற்க இயலவில்லை, ஒப்பந்தப்படி இன்ன தேதிக்குள் தொகையைத் தர வேண்டுகிறேன்." தவணை கேட்டால் ஏற்றுக்கொள்ளலாம், தவணைத் தேதிகளை அவர் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு.

கேள்வி: ஒப்பந்தத்தில் நானும் நண்பரும் கையெழுத்திட்டோம். நான் மட்டும் கடிதம் கொடுத்தால் போதுமா?

பதில்: இருவரும் கையெழுத்திடுங்கள். முன்பணம் யாருடைய கணக்குக்குப் போக வேண்டும் என்பதையும் இருவர் சம்மதத்தோடு அதே கடிதத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால், "யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை" என்று சொல்லி நிறுத்தி வைக்க அவருக்குக் காரணம் கிடைத்துவிடும்.

கேள்வி: கடிதம் கொடுத்து இருபது நாள் ஆகிறது. இப்போது இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. கடிதத்தைத் திரும்பப் பெறலாமா?

பதில்: உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே முடியும். அவர் இதற்குள் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தால், குறித்த தேதியில் நீங்கள் வெளியேறத்தான் வேண்டும். இன்றே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு முன்பணம் எவ்வளவு திரும்ப வரும்?

பதில்: எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை ஆண்டு இருந்தீர்கள், ஒப்பந்தம் என்ன சொல்கிறது, வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று எதையுமே எழுதவில்லை. இந்த நான்கையும் எழுதி மீண்டும் அனுப்புங்கள்.