சாட்டில் பதில் சொன்னது ஆளா, தானியங்கியா? ஸ்கிரீன்ஷாட்டைப் படிப்பது பற்றிக் கேள்வி பதில்

பாம்பனிலிருந்து: ராமநாதபுரத்தில் வலை நூல் வாங்கி யுபிஐயில் 4,850 ரூபாய் செலுத்தினேன். என் கணக்கில் கழிந்துவிட்டது, கடைக்காரருக்கு வரவில்லை. செயலியின் உதவி சாட்டில் பேசியதைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். என்னிடம் பேசியது மனிதர்தானா?

பதில்: அக்கா, உங்கள் படத்தில் இரண்டும் இருக்கின்றன. சாட் முழுவதற்கும் ஒரே தீர்ப்புச் சொல்ல முடியாது, வரி வரியாகத்தான் பார்க்க வேண்டும்.

9:14-க்கு நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதே நிமிடத்தில் இரண்டு பதில்கள், கீழே நான்கு பொத்தான்கள். இது தானியங்கி, சந்தேகமே இல்லை. 9:17-இல் ஒருவர் இணைந்ததாகச் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு வரி இருக்கிறது. அதற்குக் கீழே வரும் "சிரமத்திற்கு வருந்துகிறேன்" என்பது ஆள் உள்ளே வந்ததும் தானாகவே போகும் வரவேற்பாக இருக்கலாம், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கவனிக்க வேண்டியது 9:22. மாலைக்குள் பணம் வராவிட்டால் கடைக்காரர் நூலைத் திரும்பக் கேட்கிறார் என்று 9:18-இல் எழுதியிருந்தீர்கள். அதற்கு வந்த பதில்: "நூலை இப்போது திருப்ப வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் எனக்கு இங்கே தெரியவில்லை, அதை அனுப்புங்கள்." எந்தப் பொத்தானிலும் இல்லாத உங்கள் சங்கடத்தைப் பிடித்துப் பேசுகிறது. தன் திரையில் ஒன்று தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. நான்கு நிமிட இடைவெளியும் பொருந்துகிறது. பெரும்பாலும் மனிதர்.

நீங்கள் எண்ணை அனுப்பிய 9:23-லேயே "குழுவுக்கு அனுப்பப்பட்டது, 24 முதல் 48 மணி நேரத்தில் தீர்வு, உரையாடல் முடிந்தது" என்று வந்திருக்கிறது. அது தயாராக வைத்திருந்த வாசகம். அனுப்பியது அதே மனிதராக இருந்தாலும், அந்த 48 மணி நேரம் உங்கள் பணத்தைப் பார்த்துச் சொன்ன கணக்கு அல்ல.

தங்கச்சிமடத்திலிருந்து: இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? மூன்று புள்ளிகள் துள்ளினால் அந்தப் பக்கம் ஆள் தட்டச்சு செய்கிறார், துள்ளாவிட்டால் இயந்திரம். நான் அப்படித்தான் கண்டுபிடிக்கிறேன்.

பதில்: பாதி சரி, தம்பி. நேரத்தைக் கவனிப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்தப் புள்ளிகளைத் தானியங்கியும் காட்டும். பதில் உடனே பாய்ந்து வந்தால் படிப்பவர் மிரள்வார் என்று வேண்டுமென்றே சில நொடிகள் தாமதிக்க வைக்கிறார்கள். அதோடு, ஸ்கிரீன்ஷாட்டில் புள்ளிகள் மிஞ்சுவதில்லை, நொடிகளும் தெரிவதில்லை, நிமிடம் மட்டும்தான். ஆகவே நீளமான பதிலொன்று கேள்வி வந்த அதே நிமிடத்தில் நின்றால் அது யாரும் தட்டச்சு செய்ததல்ல என்று சொல்லலாம். தாமதமாக வந்தது என்பதால் மட்டும் மனிதர் என்று சொல்ல முடியாது.

கீழக்கரையிலிருந்து: மகன் சிங்கப்பூரிலிருந்து பார்சல் அனுப்பியிருக்கிறான். அது பற்றி வாட்ஸ்அப்பில் ஒருவர் நல்ல தமிழில், என் பெயர் சொல்லிப் பேசினார். நீங்கள் சொன்ன அடையாளங்கள் எல்லாம் பொருந்துகின்றன, மனிதர்தான். அப்படியானால் அவர் கேட்கும் 6 இலக்க எண்ணைக் கொடுக்கலாம் அல்லவா?

பதில்: காக்கா, கொடுக்கவே கொடுக்காதீர்கள். மனிதர் என்பதும் நிறுவனத்தின் ஆள் என்பதும் வேறு வேறு. ஏமாற்றுகிறவரும் மனிதர்தான், நிறுவனத்தின் தானியங்கியைவிட அன்பாகவே பேசுவார். அந்த 6 இலக்க எண் ஓடிபி. பார்சலின் நிலையைச் சொல்ல அது யாருக்கும் தேவையில்லை. படத்தில் உரையாடலைவிட மேல்பட்டையைப் பாருங்கள். உங்கள் படத்தில் அதை வெட்டிவிட்டிருக்கிறீர்கள். எந்த எண்ணிலிருந்து பேசினார், அந்த எண் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கிறதா என்று மகனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கொடுத்துப் பணம் போயிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

தொண்டியிலிருந்து: நான் உதவி மையத்தில் வேலை பார்த்தவன். ஒரே நேரத்தில் மூன்று நான்கு சாட்களைக் கவனிப்போம். பெரும்பாலும் தயார் வாசகங்கள்தான். இப்போது மென்பொருளே பதிலை எழுதிக் காட்டுகிறது, ஊழியர் படித்துவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்துகிறார். சில இடங்களில் அதுவும் இல்லை. வாடிக்கையாளர் சொன்ன விவரத்தைத் திருப்பிச் சொல்வது இப்போதைய மென்பொருளுக்குச் சுலபம். 9:22-ஐ மனிதர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: நியாயமான கேள்வி. அதனால்தான் "பெரும்பாலும்" என்ற சொல்லைப் போட்டேன், அதை எடுக்கப் போவதில்லை. நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வது இனி சாட்சியாகாது. "இங்கே தெரியவில்லை" என்பதுதான் என்னை அந்தப் பக்கம் சாய்த்தது. அதையும் ஒரு மென்பொருள் எழுத முடியும் என்று நீங்கள் சொன்னால் மறுக்க என்னிடம் எதுவும் இல்லை, படத்தை மட்டும் வைத்து இதை முடிவுசெய்ய முடியாது.

ஆகவே அடுத்த கேள்வியை வேறு விதமாகக் கேட்கச் சொல்வேன். சாட்டில் இதுவரை யாரும் எழுதாத ஒன்றைக் கேட்க வேண்டும். பாம்பன் அக்கா அனுப்ப வேண்டியது இதுதான்:

"என் 12 இலக்க எண்ணின்படி பணம் இப்போது எந்த வங்கியிடம் நிற்கிறது? புகார் எண் என்ன? எந்தத் தேதிக்குள் திரும்பும்? இந்த உரையாடலின் நகலை மின்னஞ்சலில் அனுப்புங்கள்."

நான்கையும் ஒரே செய்தியில் கேளுங்கள். பொத்தான் வகைத் தானியங்கி ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு பழைய மன்னிப்பையே மறுபடி அனுப்பும். கணக்கைத் திறந்து பார்க்கக்கூடியது எதுவானாலும் வங்கியையும் தேதியையும் சொல்லும். அது மென்பொருளாகவே இருந்தாலும் அக்காவுக்கு என்ன நஷ்டம்? வேண்டியது வந்துவிட்டது.

மண்டபத்திலிருந்து: "நீங்கள் மனிதரா?" என்று நேராகவே கேட்டுவிட்டால்?

பதில்: கேட்கலாம். "இல்லை" என்று வந்தால் நம்பலாம். "ஆம்" என்று வந்தால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. "ஊழியரிடம் மாற்றுங்கள்" என்று எழுதுவதே மேல். தமிழுக்கு அசையாவிட்டால் ஆங்கிலத்தில் `agent` என்று மட்டும் தட்டிப் பாருங்கள், பல இடங்களில் வேலை செய்யும்.

பாம்பனிலிருந்து மறுபடி: நீங்கள் சொன்னபடி கேட்டேன். புகார் எண் வந்தது. பணம் "கடைக்காரரின் வங்கியிடம்" என்றார்கள், தேதி மட்டும் சொல்லவில்லை. பணம் செலுத்திய நாளுக்குப் பிறகு இன்றோடு 6 நாள்.

பதில்: தேதியை அவர்கள் சொல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கி 2019-இல் சொல்லிவிட்டது. கடைக்குச் செலுத்திய யுபிஐ பணம் சிக்கினால், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கடைக்காரர் ஒட்டியிருந்தது அவருடைய சொந்தக் கணக்கின் க்யூஆர் குறியீடு என்றால் அது ஆளுக்கு ஆள் அனுப்பியதாகிவிடும், கெடு மறுநாளே முடிந்துவிடும். எது என்று அவரிடம் கேளுங்கள். எப்படியானாலும் உங்களுக்குக் கெடு தாண்டிவிட்டது.

அடுத்தது சாட் வேண்டாம். உங்கள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் எண், 12 இலக்க எண், மேல்பட்டையும் தேதியும் தெரியும் முழுப் படங்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். 9:22 மட்டும் வெட்டிய படம் உதவாது, அதற்கு முன்னும் பின்னும் வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ `cms.rbi.org.in`-இல் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இடையில் சாட்டில் எதுவும் கேட்க வேண்டியிருந்தால், வீட்டுக்காரர் படகில் இருக்கும்போது அவருடைய போனிலிருந்து கேட்க வேண்டாம். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினால் சிக்னல் போய்விடும், பதில் வராததால் அவர்கள் சாட்டை மூடிவிடுவார்கள். மறுபடி 9:14-லிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.