மூன்று பேரா, ஒருவரா? லிங்கத்தின் அடிப்பாகம் சொல்லும் பதில்

கேள்வி: பிரம்மா, விஷ்ணு, சிவன் மூணு பேரும் தனித்தனி சாமியா, இல்ல ஒரே சாமியோட மூணு வேலையா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்களே?

ஒருவர்தான் என்பதில் சைவருக்கும் வைணவருக்கும் தகராறே கிடையாது. அந்த ஒருவர் யார் என்பதில்தான் தகராறு. சம அந்தஸ்தில் மூன்று கடவுள்கள் உட்கார்ந்து ஆளுக்கொரு இலாகா பார்க்கிறார்கள் என்பது காலண்டர் படத்தில்தான் அதிகம். நம் பக்கத்துக் கோயில் மரபில் அப்படி இல்லை. நான் சைவக் குடும்பத்து ஆள், சொல்வதில் அந்தச் சாய்வு கொஞ்சம் இருக்கும்.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர் சிவன் கோயிலில் திருப்பணி நடந்தபோது, பீடமான ஆவுடையாரோடு ஒட்டவைக்கும் மருந்து விட்டுப்போயிருந்த லிங்கத்தை அதிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். அன்றுவரை நான் கும்பிட்ட உருண்டைக் கல், முழுக் கல்லின் மேல்பாகம் மட்டும்தான். கீழே அது சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, அதற்கு மேல்தான் உருண்டை. ஸ்தபதி விரலை வைத்துக் காட்டினார்: "சதுரம் பிரம்ம பாகம், தரைக்குள்ள போயிரும். எட்டுப் பட்டை விஷ்ணு பாகம், ஆவுடைக்குள்ள உக்காரும். நீங்க அபிஷேகம் பாக்குறது ருத்ர பாகம்."

"அப்ப மூணு சாமியா அண்ணே?" என்றேன். "கல்லு ஒண்ணுதானப்பா, ஒட்டா போட்டிருக்கு?" என்று திருப்பிக் கேட்டார்.

மூன்று பாகத்துக்கும் உயரம் சமமாகவும் இருக்கலாம், லிங்கத்தின் வகையைப் பொறுத்து ஏறி இறங்கவும் செய்யலாம். ஆனால் இது சிற்பி செதுக்கி வைத்த லிங்கத்துக்கு மட்டுமான கணக்கு. மதுரை சொக்கநாதர் மாதிரி சுயம்பு என்று கொண்டாடப்படும் லிங்கத்துக்கு இதைப் போட்டுப் பார்க்கக் கூடாது.

இங்கே ஒரு சிக்கல் வரும். மேல்பாகம் ருத்திரனுடையது என்றால், முழுக் கல் யாருடையது? அதுவும் சிவன்தான் என்பார்கள். சைவ சித்தாந்தம் இதற்காகவே இரண்டு பேரைப் பிரித்து வைத்திருக்கிறது. மூவரில் ஒருவராக அழித்தலைப் பார்க்கும் ருத்திரர் வேறு, அவருக்கும் மேலே நிற்கும் பரமசிவம் வேறு. படைத்தல், காத்தல், அழித்தல் ஆகியவற்றோடு மறைத்தலும் அருளலும் சேர்த்து ஐந்து தொழிலும் அந்தப் பரமசிவத்துடையவை. பிரம்மா, விஷ்ணு, ருத்திரர் மூவரும் அவன் ஆணையில் பதவி வகிப்பவர்கள்.

எங்களுக்குப் பக்கத்து ஊரான திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் திருப்பள்ளியெழுச்சியில் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்: "முந்திய முதல்நடு இறுதியும் ஆனாய், மூவரும் அறிகிலர் யாவர்மற்று அறிவார்." தொடக்கம், நடு, முடிவு மூன்றும் நீதான், அந்த மூவருக்கே உன்னைத் தெரியாது! சிவனும் அந்த மூவரில் ஒருவர்தானே, அவரையே அவருக்குத் தெரியாதா என்று மார்கழியில் இதைக் கேட்கும் பலர் குழம்புவார்கள். மேலே சொன்ன ருத்திரர், பரமசிவம் வித்தியாசம் தெரிந்தால் குழப்பம் தீர்ந்துவிடும். ஆகவே யாராவது 'சிவன்' என்று பேச ஆரம்பித்தால், எந்தச் சிவன் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் நடக்கும் சண்டையில் பாதி இதைக் கேட்காததால் வருகிறது.

வைணவர் கணக்கு வேறு மாதிரி. பொய்கையாழ்வார் "முதலாவார் மூவரே, அம்மூவருள்ளும் முதலாவான் மூரிநீர் வண்ணன்" என்கிறார். மூவரை ஏற்றுக்கொள்கிறார், ஆனால் கடல்வண்ணனுக்குத்தான் முதலிடம். அங்கே விஷ்ணுவை இரண்டாகப் பிரிப்பதில்லை. பரம்பொருளே இறங்கி வந்து மூவரில் ஒருவராக நிற்கிறது. பிரம்மாவும் ருத்திரரும் உயிர்கள். அவர்களுக்குள் இருந்து அந்த வேலைகளை நடத்துவதும் அதே திருமால். இரு தரப்பும் 'ஒருவரே' என்று சொன்னாலும் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை என்பது இங்கேதான் தெரியும்.

மூன்றுமே ஒரே பிரம்மத்தின் தோற்றங்கள், யாரும் யாருக்கும் மேல் இல்லை என்பது அத்வைதிகள் பக்கம். இன்று பொதுவாகச் சொல்லப்படும் "எல்லாம் ஒண்ணுதான்" என்ற பதில் பெரும்பாலும் இதன் சாயல்.

மதுரைக்காரர்கள் இதையெல்லாம் தீர்த்துக்கொண்டு கோயிலுக்குப் போவதில்லை. சித்திரைத் திருக்கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்து தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். திருவிளையாடல் கதைப்படி அந்தக் கல்யாணத்துக்குப் புரோகிதர் பிரம்மா. பரம்பொருள் யார் என்று மணப்பந்தலில் நின்றுகொண்டு யாரும் கேட்பதில்லை. மைத்துனர், மாப்பிள்ளை, புரோகிதர் என்று உறவுமுறை போட்டுவிட்டோம். பெருமாளே வந்து பெண் கொடுத்தாரே, அப்புறம் என்ன என்று எங்கள் அப்பத்தா கேட்பார். இதையே வைணவ நண்பரிடம் சொன்னால், "கொடுக்கிறவர் கை மேலே இருக்குமா, வாங்குகிறவர் கை மேலே இருக்குமா?" என்பார்.