பிளாஸ்டர் பிள்ளையாரைக் குளத்தில் கரைக்கலாமா?

கேள்வி: களிமண் பிள்ளையார் என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாதிரி இருக்கிறது. இதைக் குளத்தில் கரைக்கலாமா? களிமண்ணாக இருந்தால் குளத்துக்கு ஒன்றும் ஆகாதா? எல்லாரும் கரைத்த பிறகு குளத்தை எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்:

குளத்தில் போடாதீர்கள். வீட்டில் வாளியிலேயே கரைக்க வழி இருக்கிறது. அதற்கு முன் பிளாஸ்டர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிலையின் அடியில் பெயிண்ட் படாத இடம் இருக்கும். அங்கே நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, கொஞ்ச நேரம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். பச்சைக் களிமண் என்றால் வழுவழுவென்று சேறாகி விரலில் ஒட்டும். பிளாஸ்டரும் தண்ணீரை உறிஞ்சும், ஆனால் சேறாகாது. நகத்தால் கீறினால் வெள்ளைத் தூள் வரும். செங்கல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் அது சூளையில் சுட்ட மண். அதுவும் கரையாது, குளத்தில் ஓடாகத்தான் கிடக்கும். ஆகவே வாங்கும்போது "களிமண்ணா?" என்று மட்டும் கேட்காமல், "சுடாத மண்ணா?" என்றும் கேளுங்கள்.

பிளாஸ்டர் ஏன் கரைவதில்லை? ஜிப்சத்தைச் சூடாக்கி அதிலிருக்கும் நீரை ஓரளவு வெளியேற்றினால் கிடைக்கும் தூள்தான் பிளாஸ்டர். தண்ணீர் கலந்து அச்சில் ஊற்றியதும் அது மறுபடி ஜிப்சமாக இறுகிவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஜிப்சம் சுமார் 2 கிராம்தான் கரையும். உங்கள் சிலை 2 கிலோ என்று வைத்துக்கொண்டால், முழுவதும் கரைய 1,000 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். இருபது லிட்டர் வாளியில் 40 கிராம் கரைந்ததும் தண்ணீருக்கு அதற்கு மேல் தாங்காது. குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறதே என்றால், அங்கே சிலை ஓட்டமில்லாத அடிச்சேற்றில் புதைகிறது. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஜிப்சத்தின் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற கறுப்புச் சேறு அதனாலும் வருவதுதான்.

புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகம் இதற்கு ஒரு வழி கண்டது. அந்த ஊர் மாநகராட்சியோடு சேர்ந்து மக்களிடமும் கொண்டுபோனது. தேவையானது அம்மோனியம் பைகார்பனேட். பேக்கரிகளில் பிஸ்கட் மாவு உப்புவதற்குப் போடும் உப்பு இது. சமையல் சோடா வேறு, இது வேறு. சிலையின் எடை எவ்வளவோ அதே அளவு இந்த உப்பும் வேண்டும். 2 கிலோ சிலைக்கு 2 கிலோ உப்பு, சிலை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். புனர்பூஜை முடித்து, மாலை, துணி, குடை, ஒட்டியிருக்கும் ஜிகினா எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வாளியில் இறக்குங்கள். நுரை வரும், அம்மோனியா நெடி அடிக்கும். ஆகவே மொட்டை மாடியிலோ முற்றத்திலோ, பிள்ளைகள் கை வைக்காத இடத்தில் வையுங்கள். வெந்நீர் ஊற்றாதீர்கள், சூட்டில் உப்பு ஆவியாகி வீணாகும்.

பலர் கோட்டை விடுவது ஒரே இடத்தில். ஜிப்சமும் இந்த உப்பும் சேரும்போது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல்லின் சத்து, வெள்ளைப் படலமாகச் சிலையின் மேலேயே படிகிறது. அந்தப் படலம் உள்ளே தண்ணீரைப் புகவிடாது. அதனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டையால் கிளறிப் படலத்தை உதிர்த்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் சிறிய சிலை இரண்டு நாளில் வெள்ளை மாவாக அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் நீரில் இருப்பது அம்மோனியம் சல்பேட், உரம்தான். நிறையத் தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றலாம். ஆனால் பெயிண்ட் அடித்த சிலை என்றால் கீரை, தக்காளிக்கு ஊற்றவே வேண்டாம். மிதக்கும் பெயிண்ட் ஏடுகளை வடிகட்டி எடுத்துத் தனியாகக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள்.

பெயிண்டுக்கு நான் இவ்வளவு பயப்படக் காரணம் உண்டு. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வண்ணங்களில் ஈயமும் குரோமியமும் காட்மியமும் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. சிலைக்கு அடித்தது எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஜிப்சமாவது என்றைக்காவது கரைந்து போகும். ஈயம் எங்கும் போகாது, சேற்றில் தங்கி, சேற்றைக் கிளறித் தின்னும் மீனுக்குள் போகும். களிமண் சிலைக்கு எனாமல் அடித்தாலும் இதே கதைதான். எனக்குக் கேட்டால், பெயிண்ட் அடித்த களிமண்ணைக் குளத்துக்கு நல்லது என்று சொல்லவே மாட்டேன்.

பெயிண்ட் இல்லாத பச்சைக் களிமண் சில மணி நேரத்தில் குழைந்துவிடும். தண்ணீர் கொஞ்ச நாள் கலங்கும், பிறகு தெளியும். அங்கே மீனைக் கொல்வது பெரும்பாலும் மண் அல்ல, கூடவே போடும் பூவும் அருகம்புல்லும் எருக்கம் மாலையும் பொரியும் பழமும்தான். அவை அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். எங்கள் ஊர்க் குளத்தில் கரைப்பு முடிந்த இரண்டாம் மூன்றாம் நாள் விடியற்காலையில் போய் நின்றால் தெரியும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வெயில் ஏறினால் பாசி ஆக்சிஜன் விடும், மீன் உள்ளே போகும். அதனால் பத்து மணிக்கு வந்து பார்க்கிறவருக்குக் குளம் நன்றாகவே தெரியும்.

ஆக, சுத்தம் செய்யும் வேலை கரைப்பதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-லேயே வழிகாட்டு நெறிகள் கொடுத்து, 2020-இல் திருத்தியது. திருத்தத்தில் பிளாஸ்டர் சிலையே கூடாது. கரைக்கும் மூலையை மட்டும் தடுப்புப் போட்டுப் பிரித்து, அடியில் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பச் சொல்கிறது. நாங்கள் சவுக்குக் கட்டையும் வலையும் கட்டிச் செய்கிறோம். பூவுக்குக் கரையிலேயே தனித் தொட்டி, அது நேராக உரக்குழிக்குப் போகும். மறுநாள் காலையில் விரிப்பை நாலு மூலையிலும் பிடித்துக் கரைக்கு இழுத்தால் மண், வைக்கோல், மூங்கில், கம்பி எல்லாம் மொத்தமாக வந்துவிடும். ஒரு வாரம் விட்டால் பாதி புதைந்துவிடும். பிறகு ஆள் இறங்கித் துழாவினால் சேறு கிளம்பி, அடங்கிக் கிடந்த உலோகமும் தண்ணீரில் கலக்கும்.

வருடக்கணக்காகப் பிளாஸ்டர் விழுந்த குளமென்றால் கோடையில் நீர் வற்றும்வரை பொறுத்திருங்கள். காய்ந்த பிறகு, படித்துறையை ஒட்டிய மேல் சேற்றை மட்டும் வழித்தெடுப்பதுதான் பாதுகாப்பு. பரிசோதனைக்குக் கொடுக்கும்போது தண்ணீரோடு அடிச்சேற்றையும் கொடுங்கள். தண்ணீரில் ஈயம் இல்லை என்று வந்தாலும் சேற்றில் இருக்கலாம். நம் ஊர்களில் குளத்து வண்டலை விவசாயிகள் வயலுக்கு எடுத்துப் போகிறார்கள். சிலை கரைத்த மூலையின் மண்ணை, முடிவு வரும்வரை அந்த வண்டிகளில் ஏற்ற விடாதீர்கள். அந்த இடத்துக்கு நாலு கல் நட்டு அடையாளம் வைத்து, ஏலம் எடுத்தவரிடமும் ஊராட்சியிலும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.